சாவி கொடுத்ததும் நின்ற இழுப்பு: வலிப்பா, மயக்கமா?

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. பாம்பனில் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறான். போன மாதம் ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு, விடிந்ததும் கரையில் நின்று வலையில் மீன் கழற்றும்போது கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. நிற்க வைத்தே முள்ளைப் பிடுங்கியிருக்கிறார்கள். "கண்ணு இருட்டுது மாமா" என்றவன் அப்படியே சாய்ந்துவிட்டான். இரண்டு பேர் தூக்கிப் பிடித்து ஐஸ் பெட்டிமேல் உட்கார வைத்தார்களாம். கை கால் வெட்டி வெட்டி இழுத்து, கண் சொருகி, கைலியிலேயே சிறுநீரும் போய்விட்டது. பத்து நிமிஷம் இழுத்தது, இரும்புச் சாவி கொடுத்ததும் நின்றது என்கிறார்கள். ஒரு டாக்டர் வலிப்பு என்று மாத்திரை எழுதினார். தலை ஸ்கேன், இ.இ.ஜி. இரண்டும் நார்மல். படகுக்காரர் இனி ஏற்ற மாட்டேன் என்கிறார். பேசி வைத்த பெண் வீட்டாரும் தயங்குகிறார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் வலிப்பு கிடையாது. சித்தப்பா ஒருவர் சின்ன வயதில் கடலில் மூழ்கி இறந்தார், அது வேறு. இது வலிப்பா, மயக்கமா? மாத்திரை எத்தனை வருஷம் சாப்பிட வேண்டும்?
– வாசகி, பாம்பன்

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

ஆளைப் பார்க்காமல், கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் வைப்பது சரியில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பகுதி மயக்கத்தின் பக்கமே சாய்கிறது என்று தயங்காமல் சொல்வேன். ஒரே ஒரு வரி மட்டும் என்னை உறுத்துகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று: இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மாத்திரைகளைத் திடீரென்று விட்டால், அந்த நிறுத்தலே இழுப்பை வரவழைக்கலாம். எழுதியவரிடமோ ஒரு நரம்பியல் மருத்துவரிடமோ காட்டி, அவர் சொல்லும் கணக்கில் குறைத்துத்தான் விட வேண்டும்.

ஸ்கேனும் இ.இ.ஜி.யும் நார்மலாக இருக்கும்போது வலிப்பு என்று எப்படிச் சொன்னார்கள் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். நியாயமான சந்தேகம்தான், ஆனால் அந்த இரண்டு சோதனைகளும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவை அல்ல. தலை ஸ்கேன் மூளையில் கட்டி, ரத்தக்கசிவு, பழைய தழும்பு இருக்கிறதா என்று காட்டும். வலிப்பு நோய் உள்ள இளைஞர்கள் பலருக்கும் ஸ்கேன் சுத்தமாகவே இருக்கும். இ.இ.ஜி. என்பது அந்த அரை மணி நேரத்தில் மூளையில் ஓடும் மின்சாரத்தின் பதிவு. உண்மையிலேயே வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி.யில் ஒன்றும் தெரியாது. ஆகவே நார்மல் என்று வந்ததால் வலிப்பு இல்லை என்றும் ஆகாது. இந்த வழக்கைத் தீர்ப்பது அன்று நடந்த கதைதான். விழுவதற்கு முன் என்ன நடந்தது என்பது தம்பிக்குத் தெரியும். விழுந்தபின் நடந்தது, பக்கத்தில் நின்ற அந்த மாமாவுக்குத் தெரியும். டாக்டர் முன்னால் வந்து உட்காரும்போது தம்பி நல்லாத்தான் இருந்திருப்பான். மாமா வந்திருக்க மாட்டார். "இழுத்துச்சு" என்ற ஒரு சொல் மட்டும் போயிருக்கும். அதை வைத்து மாத்திரை எழுதியவரை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன்.

விழுவதற்கு முந்தைய அந்த ஒரு நிமிஷத்திலிருந்து தொடங்குவோம். தூக்கமில்லாத ராத்திரி, வயிற்றில் அநேகமாக ஒன்றுமில்லை, வியர்த்து உடம்பில் நீர் வற்றியிருக்கும், நெடுநேரம் நின்ற நிலை. அதற்கு மேல் கெளுத்தி முள். அந்த வலி எப்படிப்பட்டது என்று கடற்கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கடும் வலியோ ரத்தத்தைப் பார்த்த அதிர்ச்சியோ சிலருக்கு வேகஸ் என்ற நரம்பைத் தூண்டிவிடும். இதயத் துடிப்பு சட்டென்று மந்தமாகும், கால்களிலுள்ள ரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்தம் கீழே தேங்கும், ரத்த அழுத்தம் இறங்கும். மோட்டாரில் அழுத்தம் குறைந்தால் முதலில் மாடிக் குழாயில்தானே தண்ணீர் நிற்கும்? அதேபோல, நிற்கிற மனிதனுக்கு முதலில் ரத்தம் குறைவது தலைக்குத்தான். கண்ணுக்குப் போகும் ரத்தம் குறையும்போது பார்வை இருட்டும், காதில் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்கும், குமட்டும், குளிர்ந்த வியர்வை பூக்கும். "கண்ணு இருட்டுது மாமா" என்பது அச்சு அசலாக இந்த மயக்கத்தின் முன்னறிவிப்பு. வலிப்புக்கும் சிலருக்கு முன்னறிவிப்பு உண்டு, ஆனால் அதன் சாயல் வேறு. வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது என்பார்கள். இல்லாத வாடை ஒன்று அடிக்கிறது, இதே காட்சி முன்பே நடந்தது போலிருக்கிறது, ஒரு கை மட்டும் தானாகத் துடிக்கிறது என்றெல்லாம் சொல்வார்கள்.

இனி உங்களையெல்லாம் பயமுறுத்திய அந்த வெட்டு. மயங்கியவன் துவண்டு கிடப்பான், கை கால் இழுத்தால் அது வலிப்புதான் என்று ஊரே நம்புகிறது. படித்தவர்களும் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. 1994-ல் ஜெர்மனியில் ஒரு ஆய்வு நடந்தது. நோய் எதுவும் இல்லாத இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, குந்தியிருந்து வேகமாக மூச்சு வாங்கச் செய்து, சட்டென்று எழுந்து மூச்சை அடக்கச் சொல்லி மயங்க வைத்தார்கள். எல்லாவற்றையும் வீடியோவில் எடுத்தார்கள். முழுமையாக நினைவு தப்பிய 42 பேரில் 38 பேருக்குக் கை காலில் வெட்டு வந்தது. சராசரியாக அவர்கள் நினைவிழந்திருந்தது 12 விநாடி. பெரும்பாலானவர்களுக்குக் கண் திறந்தேதான் இருந்தது, விழி மேலே ஏறியிருந்தது. நீங்கள் கண் சொருகியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதே காட்சிதான். ரத்தம் கிடைக்காத மூளை சில விநாடிக்குத் தன் பிடியை விடுவதால் வரும் துடிப்பு இது. வலிப்பில் நடப்பது நேர்மாறானது. அங்கே மூளையின் மேற்பரப்பில் மின்சாரம் கட்டுக்கடங்காமல் பாய்கிறது.

அப்படியானால் இரண்டு வெட்டையும் எப்படிப் பிரிப்பது? எண்ணிக்கையும் தாளமும்தான் வழி. மயக்கத்தில் வெட்டு குறைவாக, தாறுமாறாக இருக்கும். இடது தோள் ஒருமுறை, வலது கால் ஒருமுறை, பிறகு இரண்டு கையும் சேர்ந்து ஒருமுறை என்று ஒழுங்கில்லாமல் வரும். வலிப்பில் முதலில் உடம்பு முழுக்க விறைக்கும், சிலர் ஒரு கத்தல் கத்துவார்கள், பிறகு இரண்டு பக்கமும் ஒரே தாளத்தில் வெட்டும். தொடக்கத்தில் வேகமாகவும் போகப் போக இடைவெளி விட்டும் வந்து ஓயும். அது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிஷம் வரை நீளும். வீடியோக்களைப் பார்த்து எண்ணியவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பத்துக்கும் குறைவான வெட்டு என்றால் மயக்கம், இருபதைத் தாண்டினால் வலிப்பு. நடுவில் விழுந்தால் மற்ற தடயங்களைப் பார்க்க வேண்டும்.

ஆனால் தம்பியின் விஷயத்தில் இந்தக் கணக்கை ஒரு காரியம் குழப்பியிருக்கும். அதுதான் ஐஸ் பெட்டி. மயங்கி விழுவது உடம்பு தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம். தரையில் நீட்டிப் படுத்த மறுகணம் தலையும் நெஞ்சும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன, ரத்தம் தலைக்குத் திரும்புகிறது, பதினைந்து இருபது விநாடியில் கண் விழிக்கிறார்கள். விழ விடாமல் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தால், அந்த ரத்தம் திரும்புவதற்கு வழியில்லை. நினைவிழப்பு நீளும், வெட்டும் கூடும். கோயில் வரிசையில், ரயிலில், பஸ்ஸில், வகுப்பறையில் மயங்கியவர்களுக்கு "பெரிய வலிப்பு" வந்ததாகக் கதை வருவது இப்படித்தான். பாசத்தோடு தாங்கிப் பிடிக்கிறார்கள், பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள், அதனாலேயே இழுக்கிறது. உங்கள் ஊர்க்காரர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஈர மணலிலும் மீன் செதிலிலும் ஒருவனைக் கிடத்த யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் அடுத்த தடவை அங்கேயே கிடத்திவிட்டு, காலை மட்டும் ஒரு மீன் கூடைமேல் தூக்கி வையுங்கள்.

பத்து நிமிஷம் என்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். பொய் சொல்கிறார்கள் என்பதில்லை. பயத்தில் பார்க்கிறவருக்கு ஒரு விநாடி ஒரு யுகம். உண்மையிலேயே பத்து நிமிஷம் தொடர்ந்து இழுத்திருந்தால், அது 108-ஐக் கூப்பிட்டு ஓட வேண்டிய பெரிய ஆபத்து. ஐந்து நிமிஷம் தாண்டினாலே அப்படித்தான். அவன் அன்று தானாக எழுந்து வீட்டுக்கு நடந்து வந்திருக்க மாட்டான். மாமாவிடம் எத்தனை நிமிஷம் என்று கேட்காதீர்கள். அன்று அங்கே நடந்தவற்றை வைத்துக் கேளுங்கள். முள்ளைப் பிடுங்கியவர் கையிலிருந்த குறடைக் கீழே வைத்தாரா? சாவி யாரிடம் இருந்தது, அவர் எங்கே நின்றார், ஓடிவர எத்தனை எட்டு? தண்ணீர் கொண்டு வந்து முகத்தில் தெளித்தபோது இழுத்துக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா? பக்கத்து ஏலத்தில் அடுத்த கூடைக்கு விலை கேட்க ஆரம்பித்திருந்தார்களா? இப்படிக் கேட்டால் பத்து நிமிஷம் அநேகமாக அரை நிமிஷமாகச் சுருங்கும். சாவியின் மகிமையும் இங்கேயே விளங்கிவிடும். மயக்கமானாலும் வலிப்பானாலும் தானாக ஓய்கிற நேரத்தில்தான் சாவி தேடி வந்து சேர்கிறது. கையில் சாவியைத் திணிப்பதால் பெரிய கெடுதல் இல்லை. வாயைப் பிளந்து கரண்டியையோ விரலையோ விடுவதுதான் பல்லை உடைக்கும்.

கைலி நனைந்ததைப் பற்றி நீங்கள் தனியாக எழுதியிருப்பதைப் பார்த்தால், அதை வைத்துத்தான் வலிப்பு என்று உறுதி செய்தார்களோ என்று தோன்றுகிறது. அதற்கு அவ்வளவு மதிப்பில்லை. நிறைந்த மூத்திரப்பை இருந்தால் மயக்கத்திலும் போகும். நாக்கு அப்படியல்ல. வலிப்பில் தாடை இறுகும்போது நாக்கின் ஓரம், பக்கவாட்டில், கடிபடும். மயங்கி விழுந்ததில் கடிபட்டால் பெரும்பாலும் நுனிதான். கண்ணாடியில் அன்று யாரும் பார்க்கவில்லை என்றாலும், மறுநாள் காரச் சோறு சாப்பிடும்போது நாக்கின் ஓரம் எரிந்ததா என்று தம்பியிடம் கேளுங்கள். அதை அவன் மறந்திருக்க மாட்டான். நிறத்தையும் கேளுங்கள். வெயிலில் கறுத்த முகத்தில் வெளிறியது சட்டென்று தெரியாது. உதட்டையும் உள்ளங்கையையும் பார்த்தவர் சொல்ல வேண்டும். மயக்கத்தில் அவை வெளுத்து, முகம் சில்லென்று வியர்த்திருக்கும். வலிப்பில் உதடு நீலம் பாய்ந்து கறுக்கும், மூச்சு அடைத்து, பிறகு கொர் கொர் என்று இரைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் நம்புவது, நினைவு திரும்பிய விதத்தை. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நின்றது என்பதோடு கதை முடிகிறது. எனக்குக் கதை அங்கேதான் தொடங்குகிறது. கண் விழித்ததும் தம்பி பேசிய முதல் வார்த்தை என்ன? மயங்கியவர்கள் விழித்ததும் அநேகமாக அரை நிமிஷத்துக்குள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று புரிந்துகொள்வார்கள். "என்னாச்சு மாமா, விழுந்துட்டனா? முள்ளு வந்துருச்சா?" என்பார்கள். உடம்பு அசதியாக இருக்கும், ஒருமுறை வாந்தியும் வரலாம், சாயங்காலம் வரை தலை கனக்கலாம். ஆனால் பேச்சு தெளிவாக இருக்கும்.

வலிப்பு வந்தவர் அப்படி எழுவதில்லை. நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் மண்டபம் பக்கத்து விசைப்படகுத் தொழிலாளி, தம்பியின் வயதுதான். அவருக்கும் ராத்திரித் தூக்கமில்லை, அவருக்கும் விடியற்காலைதான். படகில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இருட்டவில்லை, குமட்டவில்லை. ஒரு கத்தல், உடனே கட்டையாக விறைத்துச் சாய்ந்தார். தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தது என்று படகை ஓட்டிய ஸ்ராங் தன் கழுத்தைத் திருப்பிக் காட்டினார். வெட்டு ஓய்ந்தபின் கால் மணி நேரம் அவர் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. எழுப்பினால் தள்ளிவிட்டார், மறுபடி குறட்டை விட்டுத் தூங்கினார். படகு கரை திரும்பியது, அவரை இறக்கி ஆட்டோவில் ஏற்றியது எதுவுமே அவர் நினைவில் இல்லை. அவருக்குத் தெரிந்த கடைசிச் சங்கதி கையிலிருந்த தேநீர், அடுத்தது ஆஸ்பத்திரி மின்விசிறி. நாக்கின் இடது ஓரம் கிழிந்திருந்தது, இரண்டு நாள் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. இன்னொன்றையும் கேட்டேன்: காலையில் எழுந்ததும் கை தானாக வெட்டி, பல் விலக்கும் பிரஷோ டம்ளரோ பறந்து விழுந்ததுண்டா? மனைவி சிரித்துவிட்டார். வீட்டில் அவருக்குக் கண்ணாடி டம்ளரில் தேநீர் கொடுப்பதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறதாம். இளம் வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பு நோயின் அடையாளம் அது. தூக்கம் கெட்டால் அது கிளம்பும். இரவுத் தொழில் செய்கிற கரையில் இதை அவசியம் கேட்க வேண்டும். தம்பியிடமும் கேளுங்கள். அவனுக்கும் காலையில் கை வெட்டும் பழக்கம் இருந்தால், நான் மேலே சொன்ன கணிப்பை நானே திரும்ப யோசிப்பேன்.

மாமாவிடம் இதையெல்லாம் கேட்கும்போது ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். "வலிப்புதானே வந்துச்சு?" என்று தொடங்காதீர்கள். ஆமாம் என்றுதான் பதில் வரும். "நீங்க பார்த்ததை முதல்லேர்ந்து சொல்லுங்க மாமா" என்று விட்டுவிடுங்கள். முடித்தபின், "எப்படி இழுத்துச்சு, உங்க கையால செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லிவிடும். அவர் காட்டுவதை உங்கள் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டருக்கு அது இ.இ.ஜி. தாளைவிட உதவும். தூக்கிப் பிடித்த மற்றவரைத் தனியாகக் கேளுங்கள். இருவரையும் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் கதை மற்றவர் கதையாகிவிடும். ஏலக்கூடத்திலோ பக்கத்து ஐஸ் கடையிலோ கேமரா இருந்ததா என்றும் விசாரியுங்கள். ஒரு மாதம் ஆகிவிட்டதால் பதிவு அழிந்திருக்கலாம், கேட்பதில் நஷ்டமில்லை.

இனி அந்த ஒரு வரி. சித்தப்பா கடலில் மூழ்கியது வேறு விஷயம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி. நினைவு தப்பி விழுவதற்கு வலிப்பு, சாதாரண மயக்கம் இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு. அது இதயத்தின் மின்னோட்டக் கோளாறு. இதயம் சில விநாடி தாறுமாறாக ஓடி ரத்தத்தை அனுப்பாமல் நின்றால், மூளைக்கு ரத்தம் குறைந்து இதே போல விழுவார்கள், இதே போல வெட்டும். பிறகு தானாகச் சரியாகிவிட்டால் எழுந்து உட்காருவார்கள். சரியாகாவிட்டால் உயிர் போய்விடும். இந்தக் கோளாறுகளில் சில பரம்பரையாக வரும். அவற்றில் ஒரு வகை, இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் பின் மின்சாரத்தில் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டுவிடும் 'நீள் கியூ.டி.' கோளாறு. அதில் ஒரு பிரிவினருக்கு நீச்சலே தூண்டுதலாகிறது. நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர் அமைதியான தண்ணீரில் சத்தமில்லாமல் அமிழ்ந்துபோவது அப்படி நடப்பதுண்டு. கடலே இல்லாத ஊரென்றால் அந்தச் சாவை விசாரிப்பார்கள். கடற்கரையில் கடல் கொண்டுபோனது என்று கேள்வி அதோடு முடிந்துவிடுகிறது.

பயப்படாதீர்கள். கடலில் மூழ்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அலை, வலை, குடி, காயம் என்று வெளிப்படையான காரணத்தால்தான் போகிறார்கள். தம்பிக்கு நடந்ததும், வலியில் கண் இருட்டி விழுந்ததால், இதயக் கோளாறின் வழக்கமான கதை இல்லை. அங்கே முன்னறிவிப்பே இல்லாமல், அல்லது நெஞ்சு படபடத்து, வலை இழுக்கும்போதோ ஓடும்போதோ நீந்தும்போதோ, சில சமயம் படுத்திருக்கும்போதேகூட விழுவார்கள். ஆனாலும் அப்பாவிடமும் பாட்டியிடமும் உட்கார்ந்து கேளுங்கள். சித்தப்பாவுக்கு அப்போது என்ன வயது? நீச்சல் தெரிந்தவரா? கடல் எப்படி இருந்தது? கூட இருந்தவர்கள் அவர் தத்தளித்ததைப் பார்த்தார்களா, கூப்பிட்டாரா, அல்லது இருந்த இடத்தில் காணாமல் போனாரா? அதற்கு முன் எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறாரா? அப்பா வழியில் நாற்பது வயதுக்குள் தூக்கத்திலோ விளையாட்டிலோ திடீரென்று இறந்தவர் வேறு யாராவது உண்டா?

பதில் எதுவானாலும் தம்பிக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும். நினைவு தப்பி விழுந்த யாருக்கும் முதலில் எடுக்க வேண்டிய சோதனை இதுதான். ஸ்கேனுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் பலர் இதை எடுத்திருக்கவே மாட்டார்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எடுக்கலாம், ஐந்து நிமிஷ வேலை. தாளின் ஓரத்தில் QTc என்று ஒரு எண் அச்சாகியிருக்கும். ஆண்களுக்கு அது 450-க்கு மேல் போனால் டாக்டர் மெஷினை நம்பாமல் கையால் அளந்து பார்க்க வேண்டும். 500-ஐத் தொட்டால் உடனே இதய மருத்துவரிடம் போக வேண்டும். சித்தப்பாவின் கதை சந்தேகமாக இருந்தால், ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் மதுரை ராஜாஜி மருத்துவமனை போன்ற இடத்தில் இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சில கோளாறுகள் படுத்திருக்கும்போது தெரியாது, டிரெட்மில்லில் ஓடவிட்டால்தான் தெரியும். கூடவே படுத்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிஷம் கழித்தும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

மாமாவின் கதையும் ஈ.சி.ஜி.யும் நான் எதிர்பார்ப்பது போல இருந்து, டாக்டரும் இது மயக்கம்தான் என்று ஒப்புக்கொண்டால், மாத்திரை எத்தனை வருஷம் என்ற கேள்விக்கே இடமில்லை. படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார். தம்பி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வெறும் வயிற்றோடு மீன் கழற்ற நிற்கக் கூடாது. கரைக்கு வந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர், கஞ்சி இருந்தால் உப்புப் போட்ட கஞ்சி. ஊசியோ முள்ளோ எதுவானாலும் படுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ள வேண்டும். கண் இருட்டத் தொடங்கினால் வெட்கப்படாமல் அங்கேயே படுத்துவிட வேண்டும். படுக்க இடமில்லை என்றால் குந்த வேண்டும், அல்லது ஒரு காலின் மேல் மறு காலைப் பின்னி, தொடையையும் புட்டத்தையும் இறுக்கி, கைகளைக் கோத்து எதிரெதிரே இழுக்க வேண்டும். கால்களில் தேங்கிய ரத்தம் மேலே ஏறும், விழாமல் தப்பிக்க அது பலருக்கும் போதும். (கெளுத்தி முள் குத்தினதற்கு டி.டி. ஊசி போட்டீர்களா? கடிதத்தில் இல்லை. போடாவிட்டால் போட்டுவிடுங்கள்.)

படகுக்காரரிடம் இப்போதைக்கு வாதாட வேண்டாம். ஈ.சி.ஜி. பார்த்து, வலிப்பு இல்லை என்று உறுதியாகும் வரை தம்பி கடலுக்குப் போகாமல் இருப்பதுதான் சரி, தனியாகக் குளிக்கவோ நீந்தவோ கடலில் இறங்குவதும் வேண்டாம். வலையில் கண்ணி கட்டுகிற வேலை கரையிலேயே கிடைக்கும். மயக்கம் என்று எழுத்தில் வாங்கியபின் அந்தத் தாளோடு படகுக்காரரைப் பாருங்கள். பெண் வீட்டாருக்கும் அதே தாளைக் காட்டலாம். அதற்கு முன் எதையும் மறைத்துச் சொல்லாதீர்கள், இன்னும் பரிசோதனை நடக்கிறது என்று சொன்னால் போதும். ஒருவேளை வலிப்புதான் என்று முடிவானால், அப்போது கடல் வேலையைப் பற்றி நரம்பியல் மருத்துவரோடு வேறு விதமாகப் பேச வேண்டியிருக்கும். தண்ணீரின் மேல் நினைவு தப்பினால் காப்பாற்றக் கூட ஆள் இருந்தும் பலனில்லாமல் போகலாம்.

டாக்டரிடம் போகிற அன்று தம்பியோடு நீங்கள் மட்டும் போகாதீர்கள். நீங்கள் அன்று கரையில் இல்லை. ஒரு நாள் தொழில் போனாலும் பரவாயில்லை என்று மாமாவைக் கூட்டிப் போங்கள். அவரால் வர முடியாது என்றால், டாக்டர் அறையிலிருந்து போன் போட்டு, போனை நேரே டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.